வெள்ளம் புகுந்த கிணறு: எவ்வளவு பிளீச்சிங் பவுடர், எவ்வளவு நேரம்?

கிணற்றுக்குள் வெள்ளநீரோ கழிவுநீரோ இறங்கிவிட்டால், ஒரு கிலோ பிளீச்சிங் பவுடரை அப்படியே கொட்டிவிட்டு மறுநாள் தண்ணீர் எடுப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. சில சமயம் அது பலிக்கும், பல சமயம் பலிக்காது. ஏன் பலிக்கவில்லை என்பதும் தெரிவதில்லை, ஏனென்றால் போட்ட அளவு மட்டும்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கிணற்றில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருந்தது, பவுடரில் எவ்வளவு சத்து மிச்சமிருந்தது, காலையில் தண்ணீரில் குளோரின் இருந்ததா இல்லையா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கிணறு சுத்தமானதா என்பதைச் சொல்வது இந்த மூன்றும்தான்.

இங்கே எடுத்துக்கொள்ளும் கிணறு ஒரு திறந்த உறைகிணறு. உள்விட்டம் 3 மீட்டர், வழக்கமான நீர்மட்டம் அடியிலிருந்து 4 மீட்டர். மழைவெள்ளம் கைப்பிடிச் சுவரைத் தாண்டி உள்ளே இறங்கியிருக்கிறது. பக்கத்தில் நிரம்பி வழிந்த செப்டிக் டேங்கின் நீரும் அதில் கலந்திருக்க வாய்ப்புண்டு. கணக்கு முழுவதும் இந்தக் கிணற்றுக்கானது. உங்கள் கிணற்றின் விட்டத்தையும் ஆழத்தையும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

ஒன்றை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். வெள்ளத்தோடு டீசலோ, பெட்ரோலோ, பூச்சிமருந்தோ உள்ளே வந்திருந்தால் குளோரினால் எந்தப் பயனும் இல்லை. அது கிருமியைக் கொல்லுமே தவிர ரசாயனத்தை அகற்றாது, சிலவற்றோடு சேர்ந்து வேறு கேடான பொருள்களையும் உண்டாக்கும். தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ மருந்து வாடை அடித்தாலோ குளோரினைத் தொடாமல் நீரை ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். நைட்ரேட்டும் அப்படித்தான், எத்தனை முறை குளோரின் போட்டாலும் குறையாது.

முதலில் இறைப்பு, பிறகுதான் மருந்து

கலங்கிய தண்ணீரில் குளோரின் போடுவது மருந்தைச் சேற்றில் கொட்டுவதற்குச் சமம். மண்துகளும் இலைதழையும் கழிவும் குளோரினைத் தின்றுவிடும். துகள்களுக்குள் ஒட்டியிருக்கும் கிருமியைக் குளோரின் எட்டுவதும் இல்லை. ஆகவே வெள்ளநீரை முழுவதும் இறைத்து வெளியேற்றி, அடியில் படிந்த சேற்றைத் தூர்வாரி, ஊறி வரும் தண்ணீர் தெளியும்வரை இன்னும் ஒன்றிரண்டு முறை இறைக்க வேண்டும். வெள்ளை வாளியில் ஒரு அடி ஆழத்துக்குத் தண்ணீர் எடுத்து, வாளியின் அடி பளிச்சென்று தெரிந்தால் மருந்து போடும் நிலைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஆனால் அவசரப்பட்டு இறைப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வெள்ளம் வடிந்த உடனே சுற்றியுள்ள மண் முழுதும் நீரில் ஊறி, கனத்து, உறைகளை வெளியிலிருந்து அழுத்திக்கொண்டிருக்கும். உள்ளிருக்கும் தண்ணீர்தான் அந்த அழுத்தத்துக்கு எதிராக முட்டுக்கொடுக்கிறது. அதை ஒரேயடியாக வெளியேற்றினால் உறை உள்ளே சரிந்துவிடலாம், பழைய கல்கட்டுக் கிணறாக இருந்தால் சுவரே இடிந்து விழலாம். சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர்மட்டம் இறங்கும்வரை பொறுத்திருந்து, பிறகு பல கட்டமாக, ஒவ்வொரு கட்டத்திலும் மட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழும்படி இறைப்பதே சரி. அதுவரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் அல்லது கொதிக்க வைத்த தண்ணீர்தான்.

தூர்வார ஆள் இறங்க வேண்டியிருந்தால் அது குளோரின் போடுவதற்கு முன்னால்தான் நடக்க வேண்டும். அப்போதும் கயிறும் இடுப்புப் பட்டையும் கட்டி, மேலே இரண்டு பேர் நின்று, வெளியிலிருந்து காற்று அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அழுகிய சேற்றைக் கிளறும்போது வரும் வாயுவும், அடியில் ஆக்சிஜன் இல்லாமையும் ஆளை நிமிடத்தில் மயக்கிவிடும். எரியும் விளக்கை இறக்கிப் பார்ப்பது போதாது. விளக்கு எரியும் இடத்திலும் நச்சுவாயு இருக்க முடியும். டீசல் அல்லது பெட்ரோல் எஞ்சினை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்கக்கூடாது. குளோரின் போட்ட பிறகோ யாரும் எக்காரணம் கொண்டும் உள்ளே இறங்கக்கூடாது. குளோரின் வாயு காற்றைவிடக் கனமானது, கீழேயே தங்கும்.

சுவரையும் கழுவ வேண்டும். வெள்ளநீர் தொட்ட உயரம்வரை சுவரில் பாசியும் வழுவழுப்புப் படலமும் இருக்கும், அதற்குள் கிருமிகள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். 20 லிட்டர் தண்ணீரில் 20 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளிய வைத்த நீரை, மேலிருந்து தெளிப்பானால் அடித்து, நீளக் கைப்பிடி கொண்ட பிரஷால் தேய்த்துக் கழுவினால் போதும். கழுவிய நீர் அடியில் சேரும், அதையும் இறைத்துவிட வேண்டும்.

கணக்கு

இதற்குப் பிறகு கிணறு மறுபடி ஊறி, வழக்கமான மட்டத்துக்கு வந்து நிற்கட்டும். இதைப் பலரும் தவறவிடுகிறார்கள். ஒரு மீட்டர் தண்ணீர் ஊறிய உடனே, மருந்து மிச்சமாகும் என்று குளோரினைப் போட்டுவிடுவார்கள். இரவு முழுதும் ஊறி 4 மீட்டர் ஆகும்போது குளோரின் நான்கில் ஒரு பங்காக நீர்த்துவிடும், மேல்பகுதிச் சுவரோ போதுமான குளோரினைப் பார்த்தே இருக்காது. மட்டம் அசையாமல் நின்ற பிறகு போட்டால்தான் போட்ட அளவு நின்று வேலை செய்யும்.

கொள்ளளவுக்கான சூத்திரம் எளிது: 0.785 × விட்டம் × விட்டம் × நீரின் ஆழம். எல்லாம் மீட்டரில். நம் கிணற்றுக்கு 0.785 × 3 × 3 × 4 = 28.26 கன மீட்டர், அதாவது சுமார் 28,000 லிட்டர். விட்டத்தை வெளிச்சுவரிலிருந்து அளந்தால் கணக்கு எகிறிவிடும், உள்விட்டத்தையே அளக்க வேண்டும். ஆழத்தை, கயிற்றில் கல் கட்டி அடிவரை விட்டு, நனைந்த நீளத்தை அளந்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது செறிவு. சாதாரண நாளில் சுத்தமான கிணற்றுக்கு 1000 லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். அது லிட்டருக்கு சுமார் 0.7 மி.கி. குளோரின் தரும். மாசுபட்ட கிணற்றுக்குப் போடும் அதிர்ச்சி அளவோ லிட்டருக்கு 50 மி.கி., அதாவது 70 மடங்கு. இவ்வளவு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. தெளிந்த தண்ணீரில் மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்ல அரை மில்லிகிராமும் அரைமணி நேரமும் போதும். ஆனால் இங்கே நாம் சுத்தம் செய்வது தண்ணீரை அல்ல. அந்தத் தண்ணீரை எப்படியும் வெளியே கொட்டத்தான் போகிறோம். சுத்தம் செய்வது கிணற்றின் உடம்பை: உறை இடுக்குகள், சுவர்ப் படலம், அடியில் மிஞ்சிய வண்டல், ஊற்றுக்கண். அவற்றுக்குள் குளோரின் ஊடுருவிப் போக வேண்டும். போகும் வழியெல்லாம் அது தின்னப்பட்டுக்கொண்டே இருக்கும், ஆகவே ஆரம்பத்தில் கையிருப்பு அதிகம் தேவை.

லிட்டருக்கு 50 மி.கி. என்றால் 28,000 × 50 = 14,00,000 மி.கி., அதாவது 1.4 கிலோ சுத்த குளோரின். ஆனால் பிளீச்சிங் பவுடர் முழுதும் குளோரின் இல்லை. புதியதில் 33 சதவீதம் வரை இருக்கும், மூட்டை திறந்து ஈரம் பட்டுக் கிடந்தால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். 33 சதவீதமானால் 1.4 ஐ 0.33 ஆல் வகுக்க, 4.2 கிலோ. 25 சதவீதமானால் 5.6 கிலோ. 15 சதவீதமாகிப் போயிருந்தால் 9.3 கிலோ. அதே கிணற்றுக்கு 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் கிடைத்தால் 2.15 கிலோ போதும், 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவமானால் ஏறக்குறைய 14 லிட்டர். திரவமும் வெயிலில் வைத்தால் வேகமாகச் சத்திழக்கும்.

பவுடரின் சத்தைத் தெரிந்துகொள்ளாமல் எடை போடுவது இருட்டில் கணக்குப் போடுவது. குளோரின் அளக்கும் டிபிடி கிட் கையில் இருந்தால் இதை அரைமணியில் கண்டுபிடிக்கலாம். 10 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் பவுடரை நன்றாகக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்த நீரில் 10 மி.லி. எடுத்து, குளோரின் இல்லாத சுத்த நீரோடு சேர்த்து ஒரு லிட்டர் ஆக்க வேண்டும். அதை கிட்டில் அளந்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் பவுடரின் சதவீதம். 2.5 மி.கி. காட்டினால் 25 சதவீதம். இதற்குக் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தினால் அதிலேயே குளோரின் இருக்கலாம், ஆகவே முதலில் அதையும் அளந்து பார்க்க வேண்டும். நாம் மேற்கொண்டு 25 சதவீதம், 5.6 கிலோ என்றே எடுத்துக்கொள்வோம்.

கணக்கு தப்பிவிடுமோ என்ற பயத்தில் இரண்டு மடங்கு மூன்று மடங்கு போடுவதும் தவறுதான். வழுவழுப்பு மிகுந்த கிணறானால் 100 மி.கி. வரை போகலாம். 200 ஐத் தாண்டினால் எதிர்விளைவு. பிளீச்சிங் பவுடரும் ஹைப்போகுளோரைட்டும் காரத்தன்மை உள்ளவை, அதிகம் போடப்போட நீரின் பிஎச் ஏறும். பிஎச் 7.5 இல் குளோரினில் பாதி, கிருமியை வேகமாகக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். 8.5 இல் அது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மிச்சமெல்லாம் சோம்பேறி வடிவம். அதோடு மோட்டாரின் உலோகப் பாகங்களும் அரிக்கும்.

தின்னப்படும் குளோரின்

50 என்பது போடும் அளவு. நிற்கும் அளவு வேறு. 5.6 கிலோவையும் கொட்டுவதற்கு முன்னால் ஒரு வாளியில் ஒத்திகை பார்ப்பது நல்லது. கிணற்று நீரில் 20 லிட்டர் எடுத்து, அதே பவுடரில் 4 கிராமைச் சிறிது நீரில் கரைத்துத் தெளிய வைத்த நீரை ஊற்றினால், அதில் லிட்டருக்கு 50 மி.கி. இருக்கும். கலக்கி மூடி, அரைமணி கழித்து அளக்க வேண்டும். 35, 40 என்று நின்றால் கிணறு தயார். 25 க்குக் கீழே போனால் தண்ணீர் இன்னும் அழுக்காக இருக்கிறது, மறுபடி இறைத்துச் சுத்தம் செய்வதுதான் வழி. மருந்தைக் கூட்டி அதைச் சமாளிக்கப் பார்க்கக்கூடாது.

கழிவுநீர் கலந்த கிணற்றில் அளவு சடசடவென இறங்கினால் அதற்குப் பெரும்பாலும் அம்மோனியா காரணம். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன், எதோடும் சேராத தனிக் குளோரின் மிஞ்சுவதற்கு முன்னால் எட்டு முதல் பத்து மில்லிகிராம் குளோரினைத் தின்னும். லிட்டருக்கு 3 மி.கி. அம்மோனியா இருந்தாலே நம் 50 இல் ஏறக்குறைய பாதி போய்விடும். இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று: அந்த நீரில் குளோரின் வாடை நன்றாகவே அடிக்கும், ஏனெனில் அம்மோனியாவோடு சேர்ந்த குளோரினுக்கும் வாடை உண்டு. ஆனால் அது பலவீனமானது. மூக்கை நம்பாமல், தனிக் குளோரினையும் மொத்தக் குளோரினையும் பிரித்துக் காட்டும் கிட்டை நம்ப வேண்டும். இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் கழிவுநீர் இன்னும் உள்ளே இருக்கிறது.

கிட்டும் ஓரிடத்தில் ஏமாற்றும். டிபிடி மருந்து, குளோரின் குறைவாக இருக்கும்போது இளஞ்சிவப்பு நிறம் காட்டும். அளவு மிக அதிகமானால் அந்த நிறத்தைக் குளோரினே வெளுக்கச் செய்துவிடும். 50 மி.கி. இருக்கும் நீர், குளோரினே இல்லாதது போலத் தெளிவாகத் தெரியும். ‘ஒன்றுமே இல்லையே’ என்று இன்னொரு மூட்டையைப் பிரிக்கும் கதை இப்படித்தான் தொடங்குகிறது. நீரை இருபது அல்லது ஐம்பது மடங்கு சுத்த நீரில் நீர்த்து அளந்து, அந்த எண்ணால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

மருந்து போட்டதும் தண்ணீர் திடீரென்று செம்பழுப்பாக மாறினால் பதற வேண்டாம். கரைந்திருந்த இரும்பு குளோரினோடு வினைபுரிந்து துருவாகப் பிரிந்து வந்திருக்கிறது. கடைசி இறைப்பில் அது போய்விடும்.

போடும் விதம்

சாயங்காலம் போடுவது நல்லது. நேரடி வெயில் குளோரினைச் சிதைக்கும், மாலை ஆறு மணிக்குப் போட்டால் இரவு முழுதும் நிழலில் நிற்கும்.

பவுடரைக் கரைப்பது பிளாஸ்டிக் வாளியில். கையுறை, கண்ணாடி, மூக்கு மறைக்கும் துணி அல்லது முகக்கவசம் அணிந்து, காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நிற்க வேண்டும். ஒரு வாளியில் அரைக் கிலோ பவுடர் என்று வைத்தால் 12 வாளி வரும். கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக் கட்டியில்லாத கூழாக்கி, பிறகு முக்கால் வாளிக்கு நீர் சேர்த்துக் கலக்கி, 15 நிமிடம் அசையாமல் விட வேண்டும். சுண்ணாம்பு அடியில் இறங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளிக்கு மாற்றிக் கிணற்றில் ஊற்ற வேண்டும். அடிச் சுண்ணாம்பில் இன்னும் கொஞ்சம் சத்து இருக்கும், அதில் மறுபடி நீர் விட்டுக் கலக்கித் தெளிய வைத்து ஒருமுறை எடுக்கலாம். அதற்கு மேல் சுண்ணாம்பைக் கிணற்றுக்குள் விடக்கூடாது, கடினத்தன்மையும் பிஎச்சும் ஏறும், ஊற்றுக்கண்ணிலும் படியும். 65 சதவீதப் பவுடரானால் எப்போதும் தண்ணீரில் பவுடரைப் போட வேண்டும், பவுடர் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது.

இந்தப் பவுடர் எதுவும் கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு சேரக்கூடாது, குளோரின் வாயு வெளிப்படும். மண்ணெண்ணெய், டீசல், கிரீஸ் பட்ட பாத்திரத்தில் போடக்கூடாது, தீப்பிடிக்கும். நீச்சல் குளத்துக்கான வேறு வகைக் குளோரின் மாத்திரைகளோடு கலந்தாலும் வெடிக்கும்.

ஊற்றுவதைவிடக் கலப்பதே பெரிய வேலை. மேலே நின்று ஒரே இடத்தில் ஊற்றிவிட்டுப் போனால் கிணற்றின் ஒரு மூலையில் 200 மி.கி.யும் இன்னொரு மூலையில் 5 மி.கி.யும் இருக்கும். சுவரோரமாகச் சுற்றிவந்து ஊற்ற வேண்டும். மோட்டார் இருந்தால் மின்இணைப்பு நனையாமல் சரியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, வெளியேறும் குழாயைக் கிணற்றுக்குள்ளேயே திருப்பிவிட்டு, சுவரைச் சுற்றி நகர்த்தியபடி ஒன்றிரண்டு மணி நேரம் ஓடவிடலாம். மட்டத்துக்கு மேலுள்ள சுவரும் அப்போதே நனைந்துவிடும். மோட்டார் இல்லையென்றால் வாளியைக் கயிற்றில் கட்டி, அடிவரை இறக்கி ஏற்றி, பக்கவாட்டிலும் அலைத்துப் பலமுறை கலக்க வேண்டும். மேல்மட்ட நீரையும் அடிமட்ட நீரையும் தனித்தனியே அளந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண் காட்ட வேண்டும்.

இதே நேரத்தில் வீட்டுக் குழாய்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சுத்தமான கிணற்று நீர் அழுக்கான தொட்டியில் போய் நிற்கும். ஆர்ஓ கருவி, கார்பன் வடிகட்டி, மென்னீராக்கி எல்லாவற்றையும் இணைப்பிலிருந்து கழற்றிவிட்டு, மேல்நிலைத் தொட்டியைக் கழுவி, குளோரின் நீரால் நிரப்பி, ஒவ்வொரு குழாயாகத் திறந்து வாடை வந்ததும் மூட வேண்டும். குழாய்களிலும் அந்த நீர் இரவு முழுதும் நிற்கட்டும்.

எத்தனை மணி நேரம்?

குறைந்தது 12 மணி நேரம், முடிந்தால் 24. ஆனால் கடிகாரம் மட்டும் போதாது. 12 மணி நேரத்தின் முடிவில் தனிக் குளோரின் லிட்டருக்கு 10 மி.கி.க்குக் குறையாமல் நின்றால் வேலை நடந்திருக்கிறது. நடு இரவிலேயே குளோரின் தீர்ந்துபோயிருந்தால், அதன் பிறகு எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் அது வெறும் தண்ணீர் நிற்கும் நேரம்தான். ஆகவே கலக்கி முடித்த அரைமணியில் ஒரு முறை, காலையில் ஒரு முறை என இரண்டு அளவீடு போதும். காலையில் சுழியம் என்றால் காரணம் மூன்றில் ஒன்று: அழுக்கு மிச்சம், பவுடரில் சத்தில்லை, அல்லது ஊற்றின் வேகத்தில் குளோரின் நீர் நிலத்துக்குள் அடித்துச் செல்லப்பட்டுவிட்டது. மூன்றாவது, மணற்பாங்கான இடத்தில் வேகமாக ஊறும் கிணறுகளில் நடக்கும். அங்கே ஒரே தடவையாகப் போடாமல், பாதி அளவை மாலையிலும் மீதியை நாலைந்து மணி நேரம் கழித்தும் போட்டால் அளவு நிற்கும்.

இவ்வளவு செய்தும் கட்டுப்படாத கிருமி ஒன்று உண்டு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியின் முட்டை ஓடு குளோரினை மிகக் கடுமையாகத் தாங்கும். கழிவுநீர் கலந்த கிணற்றுநீரை, ஆய்வு முடிவு வரும்வரை கொதிக்க வைத்தே குடிக்கச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

காத்திருந்த பிறகு இறைப்பு. காலையில் 20 மி.கி. நின்றதாக வைத்துக்கொள்வோம். 4 மீட்டர் நீரில் அரை மீட்டர் மிச்சம் வைத்து இறைத்தால் எட்டில் ஒரு பங்கு தங்கும். மறுபடி ஊறியதும் 2.5 மி.கி. ஆகும். இன்னொரு முறை அதேபோல இறைத்தால் 0.3 மி.கி. இரண்டு இறைப்பில் பழைய நிலை வந்துவிடும். இந்த நீரைச் செப்டிக் டேங்குக்கு விடக்கூடாது, அங்கே வேலை செய்யும் நல்ல பாக்டீரியா செத்துப்போகும். குளம், ஓடை, வாய்க்காலில் விட்டால் மீன் செத்து மிதக்கும். காலி நிலத்தில் பரப்பி வெயிலில் விட்டால் போதும், செடிகளின் வேரில் நேரடியாகப் பாய வேண்டாம்.

போர்வெல் என்றால்

அளவு சிறியது, சிக்கல் வேறு. 150 மி.மீ. விட்டமுள்ள துளையில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 17.7 லிட்டர் நீர் நிற்கும். நீர்மட்டத்திலிருந்து அடிவரை 70 மீட்டர் என்றால் 1,240 லிட்டர். 100 மி.கி. அளவுக்கு 124 கிராம் குளோரின், அதாவது 10 சதவீதத் திரவத்தில் சுமார் ஒன்றேகால் லிட்டர். இங்கே பிளீச்சிங் பவுடர் வேண்டாம், சுண்ணாம்பு பாறை இடுக்கையும் பம்பையும் அடைக்கும். மேலே ஊற்றிய மருந்து தானாக அடிவரை இறங்காது என்பதுதான் இங்கே பெரிய தவறு நடக்கும் இடம். திரவத்தைப் பல வாளி நீரில் நீர்த்து ஊற்றி, பம்பை ஓட்டி, வரும் நீரை ஒரு ஹோஸ் வழியே கேசிங்குக்குள்ளேயே ஒரு மணி நேரமாவது சுற்றவிட வேண்டும். கேசிங்கின் உட்சுவரும் கேபிளும் அதில் கழுவப்படும். பிறகு 12 மணி நேரம், பிறகு வாடை போகும்வரை வெளியே ஓடவிடுவது.

ஆய்வு

தண்ணீரில் குளோரின் இருக்கும்போது எடுக்கும் மாதிரி எப்போதும் நல்ல முடிவையே காட்டும், அதனால் எதுவும் நிரூபணமாகாது. குளோரின் சுழியமான பிறகு, ஒரு வாரம் முதல் பத்து நாள் சாதாரணமாகப் பயன்படுத்திவிட்டு மாதிரி எடுக்க வேண்டும். ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலையே பயன்படுத்த வேண்டும், உள்ளிருக்கும் தயோசல்பேட் பொடியைக் கழுவிவிடக்கூடாது, மிச்சக் குளோரினை முறிக்கத்தான் அது இருக்கிறது. 100 மி.லி.யில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக்கூடாது. முதல் முடிவு சரியாக வந்தாலும் ஒரு மாதம் கழித்தும், அடுத்த பெருமழைக்குப் பிறகும் மறுபடி பார்க்க வேண்டும்.

முதல் வாரத்தில் சரியாகவும் அடுத்த மழையில் தவறாகவும் வந்தால், மருந்து தோற்கவில்லை, மாசு புதிதாக வந்துகொண்டிருக்கிறது. அதிர்ச்சி குளோரின் எதையும் நிரந்தரமாகக் காப்பதில்லை. அப்போது மழை விட்டதும் கிணற்றுக்குள் டார்ச் அடித்துச் சுவரைப் பார்க்க வேண்டும். நீர்மட்டத்துக்கு மேலே, தரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டருக்குள், உறை இணைப்புகளில் கறுப்பாகவோ பழுப்பாகவோ கசிந்து வழிந்த கோடுகள் தெரியும். அந்தக் கோடு எந்தத் திசையில் அதிகமோ, செப்டிக் டேங்கோ சாக்கடையோ பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கும். இணைப்புகளை மேலிருந்து 3 மீட்டர்வரை சிமெண்டால் பூசி, கைப்பிடிச் சுவரை வெள்ளம் தொட்ட உயரத்துக்கு மேல் எழுப்பி, சுற்றிலும் வெளிப்பக்கம் சாய்வாக ஒரு மீட்டருக்குச் சிமெண்ட் தளம் போட்டு, அதன்பிறகு மேலே சொன்ன 5.6 கிலோவை மறுபடி ஒருமுறை போட வேண்டும்.